இதய, நுரையீரல் நோயுள்ள முதியவரின் விமானப் பயணம்: மருத்துவத் தகுதியும் ஆக்சிஜன் ஏற்பாடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பாவுக்கு வீட்டில் இரத்த ஆக்சிஜன் அளவு 93 விழுக்காடு இருக்கிறது. வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்வதே இல்லை. விமானத்தில் மட்டும் எதற்கு?

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் பயணிகள் இருக்கும் கேபினுக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். ஆனால் அதைத் தரைமட்டம் வரைக்கும் கூட்டுவதில்லை. கேபினின் அழுத்தம் அதிகபட்சமாக 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கலாம் என்பதே விதி. உதகமண்டலம் ஏறத்தாழ 7,350 அடி, தொட்டபெட்டா சிகரம் ஏறத்தாழ 8,650 அடி. அதாவது, உங்கள் தந்தையை ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில் ஓரிடத்தில் பத்துப் பதினோரு மணி நேரம் உட்கார வைப்பதற்கு ஒப்பானது நீண்ட விமானப் பயணம். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான். ஆனால் அழுத்தம் குறைவதால், தரைமட்டத்தில் 15 விழுக்காடு ஆக்சிஜன் மட்டுமே உள்ள காற்றைச் சுவாசிப்பது போன்ற நிலை உண்டாகிறது.

நல்ல நுரையீரல் உள்ளவருக்கே இந்த நிலையில் அளவு 90-ஐ ஒட்டி இறங்கக்கூடும். அவர் அதை உணர்வதுகூட இல்லை. 93-இல் தொடங்குபவரின் நிலை வேறு. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும் விதம் நேர்கோடு போன்றது அன்று. மேலே தட்டையாகவும், 90-க்குக் கீழே செங்குத்தாகவும் சரிகிறது. 97-இல் இருப்பவர் தட்டையான பகுதியில் நிற்கிறார். 93-இல் இருப்பவர் சரிவின் விளிம்புக்கு அருகில் நிற்கிறார். ஒரே அளவு அழுத்தக் குறைவு முன்னவரைச் சில புள்ளிகளும் பின்னவரைப் பத்துப் புள்ளிகளுக்கு மேலும் இறக்கிவிடக் காரணம் இதுதான்.

போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய விமானங்களில் கேபின் அழுத்தம் ஏறத்தாழ 6,000 அடிக்கு, அதாவது குன்னூர் உயரத்துக்கு ஒப்பாக வைக்கப்படுகிறது. அது உண்மையிலேயே நல்லது. ஆயினும் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிடுவது வழக்கமாக நடப்பதால், ஏற்பாட்டை 8,000 அடிக்கே கணக்கிட வேண்டும்.

எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன் கட்டாயம்?

பிரிட்டிஷ் மார்பு நோய் மருத்துவர் சங்கம் வகுத்து, பல நாட்டு மருத்துவர்களும் நெடுங்காலம் பின்பற்றிய எளிய பிரிவு ஒன்று உண்டு. தரைமட்டத்தில், ஆக்சிஜன் இல்லாமல், ஓய்வில் இருக்கும்போது அளவு 95-க்கு மேல் இருந்தால் பொதுவாக ஏற்பாடு தேவையில்லை. 92-க்குக் கீழே இருந்தால் விமானத்தில் ஆக்சிஜன் வேண்டும். இடையில் 92 முதல் 95 வரை உள்ளவர்கள், நுரையீரல் நோயோ இதய நோயோ இருந்தால், மேற்கொண்டு சோதிக்கப்பட வேண்டும். ஓய்வில் எடுத்த எண் மட்டும் ஏமாற்றிவிடக்கூடும் என்பதால் நடக்கும்போது அளவு எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பார்ப்பது அவசியம்.

அந்த ஓய்வு எண்ணைச் சரியாக எடுப்பதில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின், கையைச் சூடாக்கி, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி, எண் நிலைத்து நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கருநிறத் தோலில் இந்தக் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரியவந்த செய்தி. ஆகவே நம்மவர்களுக்கு 93 என்று காட்டினால், '95-க்குப் பக்கம்தானே' என்று எண்ணாமல் '92-க்குப் பக்கம்' என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஐயம் இருந்தால் தமனி இரத்தத்தில் எடுக்கும் வாயுப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும்.

இடைப்பட்ட நிலையில் உள்ளவரை மேற்கொண்டு எப்படிச் சோதிப்பார்கள்?

ஹைப்பாக்சிக் சேலஞ்ச் என்ற சோதனை இதற்கென்றே உள்ளது. 15 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள காற்றை முகமூடி வழியே 20 நிமிடம் சுவாசிக்க வைத்து, விமானத்தில் நடக்கப்போவதை மருத்துவமனையிலேயே நிகழ்த்திப் பார்க்கிறார்கள். அளவு 85-க்குக் கீழே இறங்கினால், அல்லது தமனி இரத்த ஆக்சிஜன் அழுத்தம் 50 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே சென்றால், பயணத்தில் ஆக்சிஜன் வேண்டும் என்று பொருள்.

இதை ஒருவரின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். மதுரையைச் சேர்ந்த 74 வயதுப் பெரியவர், சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர். சென்னையிலிருந்து லண்டனில் உள்ள மகளிடம் நேரடி விமானத்தில் செல்லப்போகிறார். ஓய்வில் 93. ஐம்பது மீட்டர் நடந்ததும் 87. மூச்சு வாங்குவதால் ஒரு முறை நிற்கிறார். சோதனையில் ஏழாவது நிமிடத்திலேயே 82-க்கு இறங்கிவிடுகிறது. மூக்குக் குழாய் வழியே நிமிடத்துக்கு 2 லிட்டர் கொடுத்ததும் 90-க்கு ஏறி நிற்கிறது. இப்போது மருத்துவருக்கு இரண்டு விடைகள் கிடைத்துவிட்டன: ஆக்சிஜன் வேண்டும்; 2 லிட்டர் போதும். இரண்டாவது விடை முதலாவதைப் போலவே முக்கியம். சி.ஓ.பி.டி. உள்ள சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் உடலில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். 'கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்ளட்டும்' என்று அன்பினால் குமிழைத் திருகுவது அவருக்குத் தீங்காகிவிடும்.

இந்தச் சோதனை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. பெரிய நுரையீரல் சிகிச்சை மையங்களில் கேட்டுப் பார்க்க வேண்டும். கிடைக்காத இடத்தில் ஓய்வு அளவு, நடை, நுரையீரல் செயல்திறன் ஆகியவற்றை வைத்து மருத்துவர் தீர்மானிப்பார். ஐயமிருக்கும்போது ஆக்சிஜன் ஏற்பாட்டுடன் செல்வதே சரி என்பது என் கருத்து. வீட்டில் ஏற்கெனவே 2 லிட்டர் வைத்துக்கொள்பவருக்குப் பறக்கும்போது அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். பெரும்பாலும் 4 லிட்டராக ஆக்குவார்கள். வீட்டிலேயே 4 லிட்டருக்கு மேல் தேவைப்படுபவர் பயணிப்பதை மிகவும் தயங்கியே பரிசீலிக்க வேண்டும்.

அம்மாவுக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது, இதயத்தில்தான் பிரச்சினை. சமீபத்தில் மாரடைப்பு வந்தது. எப்போது பறக்கலாம்?

ஆக்சிஜன் குறையும்போது இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. ஆறாத காயம் உள்ள இதயத்துக்கு அந்தக் கூடுதல் வேலை ஆகாது. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் தரும் அளவுகோலின்படி, சிக்கல் ஏதுமில்லாத மாரடைப்புக்குப் பின் 7 முதல் 10 நாள்களும், பைபாஸ் அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள்களும் காத்திருக்க வேண்டும். பைபாஸில் மார்பைத் திறப்பதால் உள்ளே சிறிது காற்று தங்கியிருக்கலாம். உயரத்தில் அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்கு விரிவடையும் என்பதும் இந்தக் காத்திருப்புக்கு ஒரு காரணம். நுரையீரல் உறையில் காற்று புகுந்தவர்களுக்கு இதே காரணத்தால்தான், அது முற்றிலும் மறைந்ததை எக்ஸ்-ரேயில் உறுதிப்படுத்திய பின்னும் ஒரு வாரம் பறக்கக் கூடாது என்கிறார்கள்.

இவை குறைந்தபட்ச நாள்கள் மட்டுமே. மாரடைப்புக்குப் பின் மூச்சுத்திணறலோ தாறுமாறான துடிப்போ இருந்தவருக்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், கால் வீக்கம் நாளுக்கு நாள் கூடினால், ஓய்விலும் மார்பு வலி வந்தால், எத்தனை நாள் கடந்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். ஆக்சிஜன் ஏற்பாடு அந்த நிலையைச் சரிசெய்யாது.

டாக்டர் 'பயணம் செய்யலாம்' என்று கடிதம் கொடுத்துவிட்டார். அது போதாதா?

போதாது. உங்கள் மருத்துவரின் கடிதம் ஒரு பரிந்துரை. அனுமதி தருவது விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு. ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கும் அண்மையில் மருத்துவமனையில் இருந்தவருக்கும் மெடிஃப் என்ற படிவத்தை நிறுவனம் கேட்கும். அதில் ஒரு பகுதியைப் பயணியும் மற்றொரு பகுதியை மருத்துவரும் நிரப்ப வேண்டும். பொதுவாகப் புறப்படுவதற்கு 48 முதல் 72 மணி நேரத்துக்கு முன் அது சென்று சேர வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று கெடு வைத்திருப்பதால், பயணச்சீட்டு எடுக்கும் நாளிலேயே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'பறக்கத் தகுதியானவர்' என்ற ஒற்றை வரிக் கடிதம் அடிக்கடி திருப்பி அனுப்பப்படுகிறது. அதை வாசிக்கும் மருத்துவர் நோயாளியைப் பார்த்ததில்லை என்பதை நினைவில் வைத்து எழுத வேண்டும். நோய் என்ன, கடைசியாக எப்போது மருத்துவமனையில் இருந்தார், தரையில் ஆக்சிஜன் இல்லாமல் அளவு எவ்வளவு, விமானத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன் அல்லது கருவியில் எந்த நிலை, பயணம் முழுவதுமா அல்லது தேவைப்படும்போது மட்டுமா, இருக்கை நிமிர்ந்த நிலையில் அவரால் உட்கார இயலுமா, உடன் யார் வருகிறார் என்பன தெளிவாக இருக்க வேண்டும். கடிதத்தின் தேதியும் பழையதாக இருக்கக் கூடாது. பயணச்சீட்டை விற்ற நிறுவனமும் விமானத்தை இயக்கும் நிறுவனமும் வேறாக இருந்தால், இயக்கும் நிறுவனத்தின் அனுமதிதான் செல்லும்.

வீட்டில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரையே கொண்டுபோகலாமா?

விமானத்துக்குள் சிலிண்டர் அபாயகரமான பொருள்களின் பட்டியலில் வருகிறது. பன்னாட்டு விதி, நிறுவனத்தின் ஒப்புதலோடு, 5 கிலோவுக்கு மிகாத மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரை அனுமதிக்கிறது; ஆனால் பல நிறுவனங்கள் அந்த ஒப்புதலைத் தருவதில்லை. அமெரிக்க விமான நிறுவனங்களில் பயணியின் சொந்தச் சிலிண்டருக்கு இடமே இல்லை. திரவ ஆக்சிஜன் எங்கும் கூடாது. முன்கூட்டியே கேட்டால் சில நிறுவனங்கள் தாமே கட்டணம் பெற்றுக்கொண்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 2 அல்லது 4 லிட்டர் என்ற அளவில், ஆக்சிஜன் தருகின்றன. வேறு சில அதைத் தருவதே இல்லை. சுற்றியுள்ள காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் என்ற கருவியைப் பயணி கொண்டுவர மட்டும் அனுமதிக்கின்றன.

அவசரத்தில் மேலிருந்து விழும் மஞ்சள் முகமூடியை நம்பலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். அது கேபின் அழுத்தம் இழக்கும்போது விமானம் கீழே இறங்கும் வரையிலான சில நிமிடங்களுக்கு மட்டுமே உரியது. ஒரு பயணிக்காக அதைத் திறக்க இயலாது.

கான்சன்ட்ரேட்டர் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டில் சுவரோரம் நிற்கும், பதினைந்து கிலோ எடையுள்ள கான்சன்ட்ரேட்டர் விமானத்தில் பயன்படாது. தோளில் மாட்டக்கூடிய, பேட்டரியில் ஓடும் கருவி வேண்டும். விமானத்தில் பயன்படுத்தத் தக்கது என்று எஃப்.ஏ.ஏ. என்னும் அமெரிக்க விமானத் துறையின் நிபந்தனைகளுக்கு இணங்கியதைக் குறிக்கும் சிவப்பு எழுத்து வாசகம் கருவியின் மேல் ஒட்டப்பட்டிருக்கும். அமெரிக்காவுக்கு வெளியிலும் பல நிறுவனங்கள் அதைத்தான் தேடுகின்றன. வாடகைக் கருவியில் அந்த ஒட்டி உரிந்துபோயிருந்தால் வேறு கருவி கேளுங்கள்.

அடுத்து, கருவி ஆக்சிஜனைத் தரும் முறை. சிறிய கருவிகள் பெரும்பாலும் பல்ஸ் முறையில் இயங்குகின்றன. மூச்சை உள்ளே இழுப்பதை உணர்ந்து அந்த நேரத்தில் மட்டும் ஒரு வீச்சு ஆக்சிஜனைத் தருகின்றன. அவற்றில் '2' என்ற நிலை நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருள்படாது. ஒரு நிறுவனத்தின் '2' மற்றொன்றின் '2'-க்குச் சமமும் அன்று. தூக்கத்தில் வாயால் மெலிதாக மூச்சு விடுபவரின் மூச்சைக் கருவி உணராமல் போவதும் உண்டு. எனவே மருத்துவர் எழுதிய நிலையில் கருவியை வைத்து, வீட்டில் நடக்க வைத்தும் ஓர் இரவு தூங்க வைத்தும் ஆக்சிமீட்டரில் பாருங்கள். தரையிலேயே அளவு 90-க்குக் கீழே இறங்கினால் அந்தக் கருவியை அவருக்கு ஏற்றதாகக் கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி, நிலையை மாற்றவோ தொடர்ச்சியாக ஆக்சிஜன் தரும் கருவியைத் தேடவோ வேண்டும்.

எத்தனை பேட்டரி எடுத்துச் செல்ல வேண்டும்?

பயண நேரத்தின் ஒன்றரை மடங்குக்குப் போதுமான பேட்டரி வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. இருக்கையில் உள்ள மின் இணைப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது எல்லா இருக்கையிலும் வேலை செய்யும் என்ற உறுதி இல்லை.

மதுரைப் பெரியவரின் கணக்கு இது. சென்னை–லண்டன் 11 மணி நேரம். ஒன்றரை மடங்கு 16 மணி 30 நிமிடம். அவருடைய கருவியின் கையேட்டில், நிலை 2-இல் ஒரு பேட்டரி 4 மணி 30 நிமிடம் ஓடும் என்று இருக்கிறது. அப்படியானால் நான்கு பேட்டரி போதும். ஆனால் அது வாடகைக் கருவி. முழுவதும் மின்னேற்றி, அணையும் வரை ஓடவிட்டுப் பார்த்தபோது 3 மணி 40 நிமிடத்தில் நின்றுவிட்டது. நான்கு பேட்டரி சேர்ந்தும் 14 மணி 40 நிமிடம்தான், ஐந்து வேண்டும். கையேட்டை மட்டும் நம்பியிருந்தால் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைந்திருக்கும். ஒவ்வொரு பேட்டரியையும் இப்படித் தனித்தனியே ஓட்டிப் பார்ப்பது ஒரு வார வேலை. அதற்கேற்ப முன்னதாகவே கருவியை வாங்குங்கள். இவருக்குத் தரையில் உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் தேவையில்லை என்பதால் பறக்கும் நேரம் மட்டும் கணக்கில் வந்தது. நாள் முழுவதும் தேவைப்படுபவருக்கு வீட்டு வாசல் முதல் மறுமுனை வீடு வரை உள்ள காரும் காத்திருப்பும் சேர வேண்டும்.

பேட்டரியின் கொள்ளளவுக்கும் வரம்பு உண்டு. வாட்-மணி என்ற அளவு பேட்டரியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். இல்லையென்றால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 14.4 வோல்ட், 6.6 ஆம்பியர்-மணி என்றால் 95 வாட்-மணி. 100 வாட்-மணி வரை தடையில்லை. 100 முதல் 160 வரை உள்ளவற்றுக்கு நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். உபரியாக இரண்டுதான் எடுக்கலாம். 160-ஐத் தாண்டினால் அனுமதி இல்லை. நீண்ட நேரம் ஓடும் பெரிய பேட்டரிகளை வாங்குவது வசதியாகத் தோன்றும், ஆனால் இந்த இரண்டு என்ற வரம்பில் சிக்கிக்கொள்வீர்கள். உபரி பேட்டரிகளின் முனைகளை மூடி, தனித்தனிப் பையில் இட்டு, கைப்பையிலேயே வைக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் ஒருபோதும் போடக் கூடாது.

துபாய் வழியாகப் போனால் சீட்டு விலை குறைகிறது. பரவாயில்லையா?

நிறுவனம் தரும் ஆக்சிஜன் விமானத்தின் கதவோடு முடிந்துவிடும். அடுத்த விமானம் வரை உள்ள மூன்று நான்கு மணி நேரத்துக்கு உங்கள் ஏற்பாடுதான். இரண்டு விமானங்களும் வெவ்வேறு நிறுவனத்தின் உடையவை என்றால் இரண்டு அனுமதிகள் வேண்டும். மொத்த நேரம் கூடுவதால் பேட்டரியும் கூடும். மற்றபடி, இடையில் தரைமட்ட அழுத்தத்தில் சிறிது நேரம் இருப்பது உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு, கட்டணம் கூடினாலும் நேரடி விமானத்தையே நான் சொல்வேன். எந்த வழியானாலும் சக்கர நாற்காலியை முன்பே பதிவு செய்யுங்கள். விமான நிலையத்தின் நீண்ட நடைதான் பலருக்கு முதல் மூச்சுத்திணறலை உண்டாக்குகிறது.

பறக்கும்போது அப்பாவின் அளவு 86 என்று காட்டினால் என்ன செய்வது?

முதலில் அவர் முகத்தைப் பாருங்கள். எண்ணை அடுத்துப் பாருங்கள். நன்றாகப் பேசிக்கொண்டு, நிதானமாக மூச்சு விடுகிறார் என்றால் விரலைச் சூடாக்கி மீண்டும் எடுங்கள். அப்போதும் அப்படியே காட்டினால் மூக்குக் குழாய் மடங்கியிருக்கிறதா, இருக்கைக்கு அடியில் உள்ள கருவியின் காற்று நுழையும் பக்கத்தைப் போர்வையோ பையோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். கழிப்பறைக்குச் சென்று வந்த பின் அளவு இறங்குவது இயல்பு. உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை வெளிவிடச் சொன்னால் சில நிமிடத்தில் ஏறும். கழிப்பறைக்கும் கருவியோடு செல்லட்டும்.

குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத உறக்கம், மார்பு வலி, நீலம் பாரிக்கும் உதடு ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் எண்ணுக்காகக் காத்திராமல் பணியாளரை அழையுங்கள். மெடிஃப் படிவத்தின் நகலும் மருத்துவரின் கடிதமும் உங்கள் கையில் இருந்தால், விமானத்தில் உதவ முன்வரும் மருத்துவர் எத்தனை லிட்டர் கொடுக்கலாம் என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வரும்போது இதே அனுமதி செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. படிவமும் கடிதமும் புதிதாக வேண்டும். அங்கே எழுதித் தர ஒரு மருத்துவரைச் சென்றவுடனே தேடி வையுங்கள். இடையில் சளிக்காய்ச்சலோ நிமோனியாவோ வந்திருந்தால் பழைய எண்கள் எவையும் பொருந்தா. பேட்டரிகளையும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தங்குபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அங்கு மின்சாரம் 120 வோல்ட் என்பதால், இங்கிருந்து கொண்டுசெல்லும் 230 வோல்ட் வீட்டுக் கான்சன்ட்ரேட்டர் ஓடாது. கையில் எடுத்துச் செல்லும் கருவியின் மின்னேற்றி பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.